வியர்வைக்கு ஐந்து மார்க்

ஆவடியிலிருந்து பூந்தமல்லி வரை காய்ச்சலில் விழுந்து எழுந்தவர்கள் எல்லாரும் என்னால்தான் பிழைத்தார்கள். சரி, கொஞ்சம் கூட்டித்தான் சொல்கிறேன். அவர்களைப் பார்த்துக்கொண்டவள் லோகநாயகி. அவளைப் பரீட்சையில் தேற வைத்தவள் நான். ஆகவே கணக்கு எனக்குத்தானே வர வேண்டும்?

எண்பத்தெட்டாம் வருஷம். நான் ஆவடித் தொழிற்சாலை குவார்ட்டர்ஸ் பெண், ஜமீலா பூந்தமல்லி, லோகநாயகி கோவில்பதாகை. மூவரும் நர்சிங் பள்ளியில் முதல் வருஷம். உடலியல் பரீட்சையில் லோகநாயகி ஒரு தடவை தோற்றுவிட்டாள். மறுபடியும் தோற்றால் படிப்பு அவ்வளவுதான் என்று பள்ளியில் சொல்லிவிட்டார்கள்.

அவளுக்குத் தெரியாதது இல்லை. எழுதத்தான் தெரியாது. சிறு வினா ஒன்றுக்கு ஐந்து மார்க் என்றால், திருத்துகிறவர் ஐந்து கருத்தைத் தேடுவார். இவள் கொரட்டூர் ஸ்டேஷனில் யாரோ வெயிலில் மயங்கி விழுந்ததை இரண்டு பக்கம் எழுதுவாள்.

"கதைக்கு மார்க் கெடையாதுடி!"

"நெசமா நடந்ததுடி. நான் கூடவே இருந்தேன்."

"நீ இருந்ததுக்கும் கெடையாது."

அதனால் ஜமீலாவும் நானும் உடல் வெப்பம் பற்றி மாதிரிக் கேள்விகள் தயாரித்தோம். ஒவ்வொரு விடைக்கும் எதிரே எந்தக் கருத்துக்கு எவ்வளவு மார்க் என்று சிவப்பு பென்சிலில் குறித்தோம். ஞாயிற்றுக்கிழமை லோகநாயகி வீட்டு ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்குக் கீழே அவளுக்குத் தேர்வு நடக்கும். விடை ஆங்கிலத்தில், சண்டை தமிழில்.

காய்ச்சல் ஏறும்போது ஏன் குளிர்கிறது என்ற கேள்வியில் நன்றாகவே தேறினாள். மூளையில் ஹைப்போதலாமஸ் தன் அளவை உயர்த்திவிடுகிறது. இருக்கிற சூடு அதற்குக் குறைவாகப் படுகிறது. தோலின் ரத்தக் குழாய்கள் சுருங்குகின்றன. தசைகள் நடுங்கிச் சூட்டை உண்டாக்குகின்றன. சிவப்பு பென்சிலுக்கு வேலையே இல்லை.

வியர்வையில்தான் வம்பு. வெயிலில் உடல் எப்படித் தன் சூட்டைக் குறைக்கிறது என்ற கேள்விக்கு, 'வியர்வை வெளியே வந்ததும் உடல் குளிர்கிறது' என்று எழுதி அடிக்கோடும் போட்டிருந்தாள். நான் அந்த வரிக்கு முட்டை போட்டேன்.

"இன்னாடி, வேர்த்தா குளிராதா?"

"வேர்வை ஆவியாப் போனாதான் குளிரும். அந்த வார்த்தை இல்லாம மார்க் இல்ல."

"இந்த ஊர்ல பொறந்தவ நானு. எனக்கு வேர்வையப் பத்தி நீ சொல்றியா?"

வாசலில் கயிறு திரித்துக்கொண்டிருந்த அவள் நைனா கஜபதி தலையை நீட்டினார். "இன்னாம்மா, வேர்வைக்குக் கூட மார்க்கா? அப்ப எனக்கு எவ்ளோ கீது, கூட்டிச் சொல்லுங்க!"

அப்போதுதான் எனக்கு யோசனை வந்தது. ரொட்டி சுற்றி வந்த பாலித்தீன் உறையை லோகநாயகியின் இடது கையில் மாட்டி, முழங்கைப் பக்கம் நூலால் கட்டினேன். வலது கை சும்மா இருந்தது. கூரை அனல் கக்கியது. சற்று நேரத்தில் உறைக்குள் வியர்வை முத்துமுத்தாகச் சேர்ந்து வழிந்தது.

"ஏய், தண்ணியா ஓடுது. ஆனா இந்தக் கை வேவுதுடி!"

வலது கையை நான் விசிறியதும் சிலிர்த்தாள். உறையைப் பிய்த்து எறிந்து இடது கையையும் நீட்டினாள். ஈரத்தில் காற்று பட்டது. அப்புறம் பேனாவை எடுத்தாள். ரத்தக் குழாய் விரியும். தோலுக்கு ரத்தம் அதிகம் வரும். வியர்வை சுரக்கும். அது ஆவியாகும்போது சூட்டை எடுத்துச் செல்லும். காற்றில் ஈரம் நிறைந்திருந்தால் ஆவியாவது குறையும். கொரட்டூர் ஸ்டேஷன் எங்கேயும் வரவில்லை.

பரீட்சையிலும் வியர்வைக் கேள்விதான். புழுக்கமான நாளில் வியர்த்துக் கொட்டியும் உடல் ஏன் குளிர்வதில்லை? வெளியே வந்தவள் எங்களைப் பார்த்து இடது கையை மட்டும் தூக்கிக் காட்டினாள். தேறிவிட்டாள்.

பிறகு முப்பது வருஷம் காய்ச்சல் வார்டில் நர்ஸ். காய்ச்சல் விட்டு வியர்க்கிற பிள்ளையைக் கம்பளியால் மூடிவைக்கிற தாய்மார்களிடம், "காத்து படணும்மா, வேர்வைக்கும் வழி வுடணும்" என்று சொல்லிப் போர்வையை உருவுவாளாம். அந்த ஆஸ்பெஸ்டாஸ் வீடு இருந்த இடத்தில் இப்போது மூன்று மாடி நிற்கிறது. அந்தப் புழுக்கத்தைக்கூட மனசு தேடுகிறது, பாருங்கள்.

இவ்வளவையும் என் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்துப் படித்துவிட்டு, அவரைக்காய் நறுக்குவதை நிறுத்தினாள் லோகநாயகி.

"பாலித்தீன் கட்டினது ஜமீலா. கைய விசிறனதும் அவதான். நீ எங்க நைனாவோட விசிறிய வாங்கி ஒனக்கே விசிறிக்கினு இருந்த. அத எழுது."