அந்தத் துறையில் வேறு எவருக்கும் இடமில்லை

பொட்டலம் அக்கா என்றுதான் எங்கள் கடைத்தெருவில் அவரைச் சொல்வோம். பிளாஸ்டிக் கவர் வந்து எத்தனையோ வருடமாகியும் மிளகையும் கடுகையும் காகிதத்தில்தான் மடித்துக் கொடுப்பார். நூல் கிடையாது, பசை கிடையாது. மூலையை உள்ளே ஒரு செருகு செருகுவார், வீடு போய்ச் சேரும்வரை ஒரு கடுகு சிந்தாது. வாயில் மட்டும் மடிப்பே இல்லை. "நேத்து வாங்குன பருப்பு வேகவே இல்லக்கா" என்று வந்தவளிடம், "அடுப்ப விட்டுட்டு நீ போன்ல பேசிட்டிருந்தா அது எப்படிம்மா வேகும்?" என்று கடை நிறைய ஆள் இருக்கும்போதே கேட்டவர்.

எங்கள் வணிகர் சங்கத்தை ஆரம்பித்ததே அவருடைய கணவர்தான். ஏழு கடைக்காரர்களைத் தன் அரிசி மூட்டைகள்மேல் உட்கார வைத்து முதல் கூட்டத்தை நடத்தினார். ஆறு வருடத்துக்கு முன் அதே மூட்டைகளுக்கு நடுவே மாரைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தார். ஒரு மாதம்கூட ஆகவில்லை, அக்கா கடையைத் திறந்துவிட்டார். ஏனக்கா அவசரம் என்றேன். "வீட்ல உக்காந்தா அழுகை வருது. இங்க வந்தா ஆளுங்களப் பாத்துக் கோபம் வருது. கோபமே தேவல" என்றார்.

சங்கத்தின் ஆண்டு விழாவில் தண்ணீர் அவர் பொறுப்பு. குழாய் வைத்த இரண்டு பெரிய எவர்சில்வர் டிரம், இரண்டிலும் சிவப்பு எழுத்தில் கணவர் பெயர், கீழே 'மளிகை' என்று ஒரு சொல். பெயரை எழுதியது நான். பிரஷ்ஷும் ரெண்டு டப்பா பெயிண்டுமாக நான் தொழிலுக்கு வந்தபோது அந்த மனிதர் கொடுத்த முதல் வேலை அது. இன்று எனக்கு ஃப்ளெக்ஸ் கடை, ஸ்டிக்கர் வெட்டும் மெஷின், சங்கத்தின் செயலாளர் பதவி எல்லாம் இருக்கிறது. விழா நாளில் அக்கா டிரம் பக்கத்திலேயே நின்று டம்ளரைக் கழுவிக் கழுவி வைப்பார். "வருஷத்துல ஒரு நாள் அவர் பேர நாலு பேர் படிக்கிறாங்க தம்பி. எனக்கு வேற என்ன வேணும்?" என்பார்.

இந்த வருடம் விளம்பர ஆதரவு கேட்டு எழுதிய கடிதத்தை நானே தயார் செய்தேன். சங்கத்தின் லெட்டர்பேடு, தலைவர் கையெழுத்து. முதன்மை ஆதரவாளர், தங்கம், வெள்ளி என்று மூன்று பிரிவு. யாருக்கு மேடை பேனர், யாருக்கு ஸ்டால், யாருக்கு விழா மலரில் முழுப் பக்கம், லோகோவை எந்தத் தேதிக்குள் தர வேண்டும் என்று வரிசையாகப் போட்டேன். கடைசியில் என் புத்திசாலித்தனத்தையும் ஒரு வரி சேர்த்தேன்: முதன்மை ஆதரவாளரின் துறையில் வேறு எவருடைய பெயரும் விழா வளாகத்தில் இடம்பெறாது. டிவி, ஃபிரிட்ஜ் விற்கிற பெரிய ஷோரூம்காரரை வளைக்கப் போட்ட தூண்டில் அது. தெருவில் அவருக்குப் போட்டி யாரும் இல்லை. யாருக்கும் நஷ்டமில்லை என்று நினைத்தேன்.

ஷோரூம்காரர் பிடி கொடுக்கவில்லை. கடித்தது தெருமுனையில் புதிதாக வந்த சூப்பர் மார்க்கெட். அதன் மேனேஜர் கடிதத்தை முழுதாகப் படித்தார். என் வரியின்மேல் விரலை வைத்து, "இது எழுத்துல இருக்குல்ல?" என்றார். எங்கள் தலைவர், ஃபர்னிச்சர் கடைக்காரர், "நூத்துக்கு நூறு சார்" என்று வழிந்தார். அந்தச் சிரிப்பைப் பார்க்க எனக்கே கூசியது. ஆனால் மேனேஜர் போகிற போக்கில், "எங்க மூணு கிளைக்கும் போர்டு வேலை இருக்கு" என்று என்னிடம் சொன்னபோது நானும் பல்லைக் காட்டினேன். அதையும் சொல்லிவிட வேண்டும்.

செயற்குழு கூடியது. சூப்பர் மார்க்கெட்டும் மளிகைதான், என் வரிப்படி டிரம்மில் அக்கா கணவர் பெயர் இருக்கக் கூடாது. அன்று அரிசி மூட்டைமேல் உட்கார்ந்த ஏழு பேரில் மூன்று பேர் அங்கே உட்கார்ந்திருந்தார்கள். ஒருவரும் தலையை நிமிர்த்தவில்லை. தலைவர்தான் வழி கண்டுபிடித்தார். "அக்கா எப்பவும் போல நன்கொடை தரட்டும். பேருக்குப் பதிலா 'ஒரு நலம் விரும்பி'ன்னு போட்டுக்கலாம்." எல்லோரும் டீயை உறிஞ்சினார்கள். சீ, அந்தச் சத்தம் இன்னும் காதில் இருக்கிறது.

கடிதத்தோடு என்னைத்தான் அனுப்பினார்கள். அக்கா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒரு வரி விடாமல் படித்தார்.

"இந்தக் கடைசி வரி யாரு எழுதுனது?"

"கமிட்டிலதான்க்கா..."

"கமிட்டிக்குக் கை கிடையாதுப்பா. சரி, நான் குடுக்கணும், ஆனா பேர் வரக் கூடாது. அப்படித்தான?"

"நலம் விரும்பின்னு போடுவோம்க்கா."

"அவரு நலம் விரும்பி இல்ல. அரிசிக் கடைக்காரரு." கடிதத்தை நான்காக மடித்து, மூலையைச் செருகி என் கையிலேயே வைத்தார். "இதுக்கு நான் தர மாட்டேன். டிரம்ம வேணா எடுத்துட்டுப் போங்க. பிள்ளைங்க ஓடிட்டு வந்து தண்ணி தேடும்."

கோபப்பட்டிருந்தால் தப்பித்திருப்பேன். நான் திட்டு வாங்கத் தயாராகத்தான் போயிருந்தேன்.

விழா அன்று காலை மைதானம் முழுக்க சூப்பர் மார்க்கெட்டின் பச்சை நிறம். எல்லாம் என் மெஷினில் அடித்ததுதான். டிரம்மை இறக்கி வைத்ததும் மேனேஜர் தலைவரைக் கூப்பிட்டார். தலைவர் என்னைக் கூப்பிட்டார். "அந்தப் பேர மறைச்சிடுப்பா. அந்தம்மா வர்றதுக்குள்ள."

துணி போட்டு மூடியிருக்கலாம். டிரம்மைத் திருப்பி வைத்திருக்கலாம். முடியாது என்றே சொல்லியிருக்கலாம். மூன்று கிளையின் போர்டு வேலை கண்முன் வந்து நின்றது. கடைக்குப் போய் அளவாக இரண்டு பச்சை ஸ்டிக்கர் வெட்டி வந்தேன். டிரம்மைத் துடைத்தேன். மேல் ஓரத்தைப் பிடித்து, ஸ்குவீஜி ரப்பர் பட்டையால் இழுத்து, காற்று நிற்காமல் ஒட்டினேன். முதல் எழுத்தின் கொம்பு மட்டும் பழைய பெயிண்ட் தடிப்பில் லேசாகத் துருத்திக்கொண்டு தெரிந்தது. அதையும் கட்டைவிரலால் அழுத்தினேன். என் கையைப் பார்க்கவே எனக்கு அருவருப்பாக இருந்தது. ஆனால் அந்தக் கை வேலையில் ஒரு பிசிறு வைக்கவில்லை.

அக்கா வர மாட்டார் என்றுதான் நினைத்தேன். பத்து மணிக்கு வந்தார். எப்போதும் போல டம்ளர்களைக் கழுவி அடுக்கினார். ஓட்டப் பந்தயம் முடிந்து வந்த பிள்ளைகளுக்குப் பிடித்துக் கொடுத்தார். மைக்கில் நிமிடத்துக்கொரு தரம் சூப்பர் மார்க்கெட்டுக்கு நன்றி சொல்லிக்கொண்டிருந்தார்கள். கூட்டம் குறைந்ததும் என்னைக் கையசைத்துக் கூப்பிட்டார். போனேன்.

டிரம்மின்மேல் உள்ளங்கையை வைத்து, ஸ்டிக்கரை ஓரம்வரை மெதுவாகத் தடவிப் பார்த்தார். பெயர் இருந்த இடம் அவர் விரலுக்குத் தெரிந்திருக்க வேண்டும். அங்கே கொஞ்சம் நின்றது.

"அன்னிக்கு எழுதுனதும் நீதான். இன்னிக்கு மூடுனதும் நீதான்" என்றார். "ரெண்டுமே கோணல் இல்லப்பா. தொழில் கத்துக்கிட்ட. உனக்கு வேல குடுத்தப்ப அவரு சொன்னாரு, இவன் பொழச்சுக்குவான்னு."

பிறகு ஒரு டம்ளரைக் கழுவி, தண்ணீர் பிடித்து என்னிடம் நீட்டினார். வாங்கிக்கொண்டேன். குடிக்க முடியவில்லை.