ஆறு நாள் கசிவும் மூன்று மாத்திரைகளும்

செவ்வாய்க்கிழமை காலை பதினொன்று நாற்பதுக்கு என் மகள் சமையலறையில் நின்றபடி அப்பளம் தின்றுகொண்டிருந்தாள். முப்பத்தொரு வாரக் கர்ப்பிணி. பிரசவத்துக்காக நகரியில் எங்கள் வீட்டுக்கு வந்து பத்து நாள்தான் ஆகியிருந்தது. திடீரென்று அப்பளத்தைத் தட்டில் வைத்துவிட்டுத் தரையைப் பார்த்தாள்.

"அம்மா, நான் ஒண்ணுக்குப் போயிட்டேன் போலக்குதும்மா."

"தும்முனா கூட இந்த மாசத்துல அப்படித்தான் ஆவும். போய்க் குளிச்சிட்டு வா" என்றேன்.

நான் உயர்நிலைப் பள்ளியில் கணக்கு டீச்சர். இருபத்தாறு வருடமாகப் பிள்ளைகளிடம் "விடையை அழிக்காதே, முதலில் சரிபார்" என்று சொல்லி வந்தவள். அன்று மகளைக் குளிக்க அனுப்பினேன், தரையைத் துடைத்தேன், நனைந்த நைட்டியைச் சோப்புத் தண்ணீரில் முக்கினேன். குளித்து வந்து நாற்காலியில் உட்கார்ந்தவள், "திரும்பவும் வருது. நான் அடக்கிக்கினுதான் இருக்கேன், அது நிக்க மாட்டேங்குது" என்று அழ ஆரம்பித்தாள். அடக்கினாலும் நிற்காதது சிறுநீர் இல்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

வாடகைக் காரில் திருப்பதி போனோம். பின்சீட்டில் அவள் படுத்துக்கொள்ள, அவள் கால்கள் என் மடியில். புத்தூர் தாண்டும்வரை வேகத்தடை வரும்போதெல்லாம் நான் ஓட்டுநரைத் திட்டினேன். தாண்டிய பிறகு அவர் ஒவ்வொரு தடைக்கும் முன்கூட்டியே மன்னிப்புக் கேட்டார்.

மருத்துவமனையில் பெண் டாக்டர் முதலில் கேட்டது அந்த நைட்டியை.

"தோய்ச்சிட்டேன்" என்றேன்.

"பொண்ணை?"

"குளிக்க வச்சிட்டேன்."

டாக்டர் நர்ஸைப் பார்த்தார். நர்ஸ், "சால சுப்ரம் மேடம்" என்று தெலுங்கில் என் சுத்தத்தைப் பாராட்டினார். பாராட்டு மாதிரி இல்லை.

மகளைச் சிறிது நேரம் படுக்க வைத்துவிட்டு, சுத்திகரித்த கருவியை வைத்துப் பார்த்தார்கள். "இருமும்மா" என்றார் டாக்டர். இருமினாள். உள்ளே தேங்கியிருந்த நீரோடு இன்னும் கொஞ்சம் இறங்கியதாம். அதில் ஒரு மஞ்சள் தாளைத் தோய்த்தார், தாள் நீலமானது.

"நீலம்னா பாஸா, ஃபெயிலா?" என்று கேட்டேன்.

"பனிக்குடம் உடைஞ்சிருக்குன்னு அர்த்தம். தாளை மட்டும் நம்ப மாட்டேன், ரத்தம் கலந்தாலும் நீலமாகும். ஒரு சொட்டைக் காய வச்சு மைக்ராஸ்கோப்ல பார்த்தா பெரணி இலை மாதிரி தெரியணும்." தெரிந்தது. ஸ்கேனில் குழந்தையைச் சுற்றி நீர் குறைந்திருந்தது.

கையை விட்டுப் பரிசோதிக்க வேண்டாம் என்று டாக்டர் எல்லோரிடமும் கண்டிப்பாகச் சொன்னார். விரலோடு கிருமியும் மேலே ஏறுமாம். பிறகு என்னை உட்கார வைத்தார்.

"இப்பவே எடுத்தா நுரையீரல் பக்குவமாயிருக்காது. உள்ளேயே விட்டா கதவு திறந்து கிடக்குது, கிருமி வரலாம். அதனால நுரையீரலுக்கு ஊசி, கிருமியையும் பிரசவ வலியையும் தள்ளிப்போட ஏழு நாள் ஆன்டிபயாட்டிக். எல்லாம் ஒழுங்கா இருந்தா முப்பத்திநாலு வாரம் வரைக்கும் இழுக்கலாம். காய்ச்சல், நாடி வேகம், வயித்து வலி, நீர்ல நாத்தம், இதுல எது வந்தாலும் சொல்லுங்க. தொற்றுன்னு தெரிஞ்சா ஒரு நாள்கூட காத்திருக்க மாட்டேன்."

எனக்கு அதில் ஒன்றுதான் காதில் விழுந்தது. முப்பத்திநாலு வாரம். இருபத்தோரு நாள். நோட்டில் இருபத்தோரு கட்டம் போட்டேன். நர்ஸ் எட்டு மணிக்கு வெப்பம் பார்த்தால் நான் ஏழே முக்காலுக்குச் சொந்தத் தெர்மாமீட்டரில் பார்த்தேன். கசிவு பட்ட நாப்கின் பேடின் நிறத்தைப் பார்த்து எழுதினேன், முகர்ந்தும் எழுதினேன். நாயுடுபேட்டைத் தொழிற்சாலையிலிருந்து வந்த மருமகன் அந்த நோட்டைப் புரட்டிவிட்டு, "அத்தே, வாசனைக்கும் மார்க்கு போட்டுக்கினு இருக்கீங்களே" என்றார். அன்றிலிருந்து அவர் வார்டில் டீ மட்டும்தான் குடித்தார்.

நான்கு கட்டங்கள் நன்றாக நிரம்பின. ஐந்தாம் நாள் மத்தியானம் என் தெர்மாமீட்டர் தொண்ணூற்றொன்பது புள்ளி ஆறு காட்டியது.

நூற்றைத் தொட்டால் எடுத்துவிடுவார்கள். பதினாறு கட்டம் காலியாகவே போய்விடும். என் கைப்பையில் பாரசிட்டமால் இருந்தது. எங்கள் வீட்டில் யாருக்குத் தும்மல் வந்தாலும் முதலில் உள்ளே போவது அதுதான்.

"தலைவலிக்குது இல்ல உனக்கு?" என்றேன் மகளிடம்.

"இல்லியே."

"வலிக்கும். போட்டுக்கோ."

மத்தியானம் ஒன்று, ராத்திரி ஒன்று, விடியற்காலை ஒன்று. நர்ஸின் தெர்மாமீட்டர் தொண்ணூற்றெட்டைத் தாண்டவே இல்லை. நான் பெருமையாக ஐந்தாம் கட்டத்தை நிரப்பினேன்.

ஆறாம் நாள் காலை டாக்டர் மகளின் மணிக்கட்டைப் பிடித்தபடி கடிகாரத்தையே பார்த்தார். விட்டுவிட்டு மறுபடி பிடித்தார்.

"நாடி நூத்திப் பதினாலு. குழந்தையோட துடிப்பு நூத்தி எழுபத்தஞ்சு. ஜுரம் மட்டும் இல்ல. இது கணக்கு ஒதைக்குதே."

கணக்கு டீச்சர் கைப்பையைக் காலால் கட்டிலுக்கடியில் தள்ளினாள். டாக்டர் அடிவயிற்றை மெல்ல அமுக்கினார். மகள் முகம் சுளித்தாள்.

"மாத்திரை ஏதாவது போட்டியா கண்ணு?"

"தலைவலி மாத்திரை" என்றாள் மகள். "எனக்குத் தலைவலி இல்ல டாக்டர். அம்மாக்குத்தான்."

 அடுத்த கட்டிலில் பழம் உரித்துக்கொண்டிருந்த பெண் உரிப்பதை நிறுத்தினாள்.

"எத்தனை?"

"மூணு" என்றேன். என் குரல் வகுப்பில் கடைசி பெஞ்சிலிருந்து வருவது போல் இருந்தது. "நாள் கூட்டலாம்னு..."

"நாய் குரைக்குதுன்னு அது வாயைக் கட்டிட்டீங்களே அம்மா" என்றார் டாக்டர், சத்தம் போடாமல். "திருடன் வந்தது எனக்கு எப்படித் தெரியும்?"

அதன் பிறகு எல்லாம் வேகமாக நடந்தது. பரிசோதனைக்கு ரத்தம் எடுத்தார்கள். நுரையீரல் ஊசியால் முதல் நாள்களில் வெள்ளையணு ஏறும், ஆறாம் நாளும் இப்படி ஏறிக்கொண்டிருந்தால் அதைக் காரணம் சொல்ல முடியாது என்றார் டாக்டர். வலுவான ஆன்டிபயாட்டிக்குகள் ரத்தக்குழாயில் இறங்கின. முப்பத்திரண்டு வாரம் இன்னும் நிறையவில்லை என்பதால் குழந்தையின் மூளைக்குக் காப்பாக மெக்னீசியம் ஏறியது; "உடம்பெல்லாம் நெருப்பு வச்ச மாதிரிக்குது" என்று மகள் கத்தினாள். குழந்தைத் தலை கீழேதான் இருந்தது. அறுக்கத் தேவையில்லை, வலி வரவழைத்தே பார்க்கலாம் என்று ட்ரிப்பில் மருந்து ஏற்றினார்கள்.

நான் டாக்டர் பின்னாலேயே போனேன். "நான்தானே கெடுத்தேன்?"

"கிருமியை நீங்க கொண்டு வரல. எனக்குத் தெரிய வேண்டியதைத் தள்ளிப்போட்டீங்க. அஞ்சு நாள் கிடைச்சது குழந்தைக்கு நல்லதுதான். ஊசி வேலை செஞ்சிருக்கும். நேத்து ஒளிச்ச அந்த ஒரு நாள் என்ன செஞ்சிருக்கும்னு எனக்குத் தெரியாது."

என்னால் அந்த ஒரு நாளைத் தாண்ட முடியவில்லை. பிரசவ அறை வாசலில் நின்றிருந்த என்னிடம் நர்ஸ், "அம்மா, மீரு பயட்ட கூச்சோண்டி" என்று வெளி பெஞ்சைக் காட்டினார். மருமகனிடம் நடந்ததைச் சொன்னேன். அவர் "துன்னீங்களா அத்தே?" என்று மட்டும் கேட்டார். திட்டியிருந்தால் தேவலை.

சாயங்காலம் ஐந்தேகாலுக்குப் பெண் குழந்தை. ஆயிரத்து ஐந்நூற்று எண்பது கிராம். நான் வாங்கும் பூசணித்துண்டு அதைவிடக் கனம். பூனைக்குட்டி போல ஒரு சத்தம் கேட்டது. தள்ளுவண்டி ஒன்று என்னைக் கடந்து போனது. குழந்தையின் மூக்கில் காற்றுக் குழாய். குழந்தையின் ரத்தத்தில் கிருமி வளர்கிறதா என்று பார்க்க இரண்டு நாளாகும் என்றார்கள். மாத்திரை வேகம் தீர்ந்ததும் ஏறிய மகளின் காய்ச்சல் மறுநாளே இறங்கியது, இந்த முறை நிஜமாகவே.

இரண்டு நாளும் குழந்தைகள் தீவிர சிகிச்சைப் பிரிவின் கண்ணாடிக் கதவுக்கு எதிரே உட்கார்ந்திருந்தேன். கதவு திறக்கும்போதெல்லாம் எழுந்து நின்றதில் காவலாளி என்னைப் புது அதிகாரி என்று நினைத்து ஒருமுறை சல்யூட் அடித்தார்.

இரண்டாம் நாள் மாலை குழந்தை மருத்துவர் வந்தார். என் மகள் வயதுதான் இருக்கும். கையில் ஃபைல்.

"நீங்கதான் மாத்திரை பாட்டியா?"

தலையாட்டினேன்.

"ரத்தத்துல கிருமி வளரல. காத்துக் குழாயை மத்தியானம் எடுத்துட்டோம், தானா மூச்சு விடுறா. அம்மா பால் ஒரு மில்லி குடுத்தோம், கக்கல." என்னை மேலும் கீழும் பார்த்தார். "முழங்கை வரைக்கும் சோப்புப் போட்டுக் கை கழுவிட்டு வாங்க, பார்க்கலாம். அந்தக் கைப்பையை மட்டும் மாப்பிள்ளைகிட்டக் குடுத்துட்டு வாங்க."