மூன்று விளக்கும் பச்சை

நாற்பத்து மூன்று வயது வரை எனக்குத் தெரிந்த ஒரே கணினி வைத்தியம் அணைத்துப் போடுவதுதான். அதைப் பதினாறு வருட அனுபவம் என்று தாளில் எழுதிக்கொண்டு வேறொரு வேலை கேட்டும் போனேன்.

போகாமல் முடியாது. ஓசூர் சிப்காட்டில் நான் இருந்த உதிரிபாகத் தொழிற்சாலை தன் சர்வர் அறையை மூடிக்கொண்டிருந்தது. என் நாற்காலிக்கு மாதக் கடைசி வரைதான் ஆயுள். நேர்காணல் இரண்டு தெரு தள்ளி. பல தொழிற்சாலைகளின் சரக்குச் சீட்டு போடும் மென்பொருளை எங்கோ வாடகைக்கு எடுத்த சர்வர்களில் ஓட்டும் நிறுவனம் அது. கிளவுட் என்ற சொல்லை எங்கள் ஊரில் அப்போது வானிலை அறிக்கைக்கு வெளியே யாரும் உச்சரித்ததில்லை.

கேள்வி கேட்டவர் என்னைவிடப் பத்து வயது இளைய அம்மையார். பக்கத்தில் இருந்த மேனேஜர் தன் செல்போனையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“பதினொரு மணின்னு வச்சுக்கங்க. சீட்டு போட முடியல. சீட்டில்லாம கேட்ல லாரி நிக்குது. நீங்க கேளுங்க, என்ன தெரியுதுன்னு நான் சொல்றேன்.”

“முதல்ல ரீஸ்டார்ட் பண்ணுவேன் மேடம்.”

“பண்ணீட்டீங்க. பத்து நிமிசம் ஓடுச்சு. மறுபடி நின்னுருச்சு. இப்ப?”

என் மருந்துப் பெட்டி அத்துடன் காலி. யோசித்துவிட்டு, எல்லோருக்குமா, ஒருவருக்கா என்று கேட்டேன். எல்லோருக்கும். உள்ளே நுழைய முடிகிறதா? முடிகிறது. பழைய சீட்டு திறக்கிறதா? திறக்கிறது. புதிதாகச் சேமிப்பது மட்டும் தொங்குகிறது. அப்படியானால் நெட்வொர்க் இல்லை, வெப் சர்வரும் இல்லை. சிபியு, மெமரி, டிஸ்க்?

“மூணும் பச்சை.”

“புதுசா நாலு சர்வர் அஞ்சே நிமிசத்துல எடுக்கலாமே?” என்றார் மேனேஜர், செல்போனிலிருந்து தலை தூக்காமல்.

“எடுத்தா கியூதான் சார் நீளும். எல்லாரும் எதுக்கோ காத்துட்டிருக்காங்க. டேட்டாபேஸ்ல யாரு யாருக்குப் பின்னாடி நிக்கறாங்கன்னு பார்க்கணும்.”

“நாப்பது பேரு. எல்லாரும் ஒரே ஆளுக்குப் பின்னாடி” என்றார் அம்மையார்.

“அந்த ஒரு ஆளு, பழைய சீட்டையெல்லாம் அழிக்கற ஸ்கிரிப்டா இருக்கும். சீட்டெல்லாம் இருக்கற மொத்த டேபிளையும் பூட்டி வச்சிருக்கும். பத்து நிமிசத்துக்கு ஒருக்கா தானா ஓடற மாதிரி யாராவது வச்சிருப்பாங்க. யாரு யாருக்குப் பின்னாடிங்கற பட்டியலை முதல்ல காப்பி எடுத்துக்குவேன். அப்புறம் அதை மட்டும் நிறுத்துவேன். ரீஸ்டார்ட் பண்ணினா பட்டியல் போயிரும்.”

எதைக் கண்காணித்திருக்க வேண்டும் என்று அம்மையார் கேட்டார். மூன்று பச்சை விளக்கும் இயந்திரத்தின் நலத்தைத்தான் சொல்லும். கேட்டில் நிற்கும் லாரியின் நலத்தைச் சொல்லாது என்றேன். வெளியே வேறொரு இடத்திலிருந்து நிமிடத்துக்கு ஒரு சோதனைச் சீட்டு போட்டுப் பார்க்க வேண்டும். அடுத்தடுத்து இரண்டு தவறினால் எஸ்எம்எஸ். போன் அழைப்பு வேண்டாம். நம் ஆட்களில் பாதிப் பேர் கர்நாடக எல்லையில் அத்திப்பள்ளி தாண்டினால் ரோமிங்; வரும் அழைப்புக்கும் காசு, பேலன்ஸ் இல்லாவிட்டால் மணியே அடிக்காது. மேனேஜர் முதன்முறையாக என்னைப் பார்த்தார்.

“ஸ்கிரிப்டுன்னு எப்படி அவ்வளவு சட்டுனு சொன்னீங்க?” என்றார் அம்மையார்.

அனுபவம் என்று சொல்லியிருக்கலாம். வேலை கையில் வந்து நின்ற நேரம் அது. ஆனால் வாய் வேறொன்றைச் சொன்னது.

“அந்த ஸ்கிரிப்டை எங்க கம்பெனியில எழுதினது நான்தான் மேடம்.”

முந்தைய வருடம் எங்கள் தொழிற்சாலையில் இதேபோல் சீட்டு நின்றது. ஒன்றும் பார்க்காமல் மூன்று முறை ரீஸ்டார்ட் செய்தேன். தடயம் மூன்று முறையும் அழிந்தது. சீட்டு போடும் கிளார்க் எதையோ அழுத்திவிட்டார் என்று முடிவு செய்து, அவரை லோடிங் பகுதிக்கு மாற்றினார்கள். ஒரு வாரம் கழித்து ஸ்கிரிப்ட் ஓடும் நேரத்தைப் பார்த்தபோது எனக்கு விளங்கியது. சத்தமில்லாமல் அதைத் திருத்தினேன். நானும் சத்தமில்லாமல் இருந்துகொண்டேன். தினமும் மதியம் கேன்டீனில் அவர் எனக்கு வணக்கம் சொல்வார். நானும் சொல்வேன்.

இவ்வளவையும் கேட்டுவிட்டு அம்மையார் பேனாவை மூடினார்.

“அவருகிட்ட சொல்லீட்டீங்களா?”

“இல்ல.”

“சொல்லிருங்க. அதுக்கு முன்னாடி உங்க கம்பெனிக்கு எழுத்துல குடுத்துட்டு வாங்க. வேலை ஆர்டர் அப்புறம் தர்றேன்.”

மறுநாள் எங்கள் மேலாளரிடம் ஒன்றரைப் பக்கம் எழுதிக் கொடுத்தேன். அவர் இரண்டு முறை படித்தார். போகப்போகிற ஆளை என்ன செய்வது என்று தெரியாமல் மடித்து வைத்தார். அந்த வாரமே கிளார்க் பழைய நாற்காலிக்குத் திரும்பினார். எனக்கும் ஆர்டர் வந்தது.

கடைசி நாளன்று கிளார்க்கிடம் போய் நின்றேன். மன்னிப்புக் கேட்கத் தயாரித்து வைத்திருந்த வாக்கியத்தில் பாதிதான் சொன்னேன்.

“நீங்கதானா சார் அது?” என்றார், கணினியிலிருந்து கண்ணை எடுக்காமல். “லோடிங்ல நாலு மணிக்கே விட்டுருவாங்க. ஊருக்கு அஞ்செட்டி பஸ்ஸுல உக்காந்துட்டுப் போயிட்டிருந்தேன். இனி கடைசி பஸ்ஸுதான். சும்மா இருந்திருக்கலாமுல்ல?”