அவன் குரலை என் கணவர் கேட்டார்

அந்த வாரம் முழுக்க என் போன் சத்தமே போடவில்லை. நான் கூப்பிட்டால் எல்லோருக்கும் போகும். எனக்கு மட்டும் யாருடைய அழைப்பும் வராது. எர்ணாகுளத்துப் பக்கம் மட்டாஞ்சேரியில் இஞ்சி தரம் பிரிக்கிற கிடங்கில் எனக்கு வேலை. தடித்த சுவர், சிக்னல் குறைவு. அதனால்தான் என்று நினைத்துக்கொண்டேன். வாட்ஸ்அப்பும் தானாக லாக்-அவுட் ஆகிவிட்டது. போனுக்கு வயதாகிவிட்டது என்று அதையும் விட்டுவிட்டேன்.

வியாழக்கிழமை மதியம் என் கணவரோடு பெயின்ட் வேலை பார்க்கிற தம்பி பைக்கில் கிடங்கு வாசலுக்கே வந்துவிட்டான்.

"அக்கா, அண்ணன் சாரத்துலருந்து விழுந்துட்டாரு. கலூர் சைட்ல. காலையிலருந்து போன் பண்றோம், நீங்க எடுக்கவே மாட்டேங்கறீங்க?"

"எனக்கு ஒரு போனும் வரலையேடா."

அவன் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தான். பிறகு பைக்கில் ஏறச் சொன்னான்.

எர்ணாகுளம் ஆஸ்பத்திரிக்கு நான் போனபோது அவரை ஆபரேஷன் தியேட்டருக்குள் கொண்டுபோயிருந்தார்கள். தொடை எலும்பு முறிவு. கையெழுத்தை அந்தத் தம்பியே போட்டிருந்தான். முடிந்ததும் கூப்பிடுகிறோம், கீழே காத்திருங்கள் என்றார் நர்ஸ். என் நம்பரைக் குறித்துக்கொண்டார். ஒரு மணி நேரம் கழித்து மருந்துச் சீட்டோடு படியிறங்கி வந்து என்னிடமே கோபப்பட்டார்.

"எத்தர தடவ விளிச்சு! யாரோ ஒரு ஆள் எடுத்துட்டு வெச்சுட்டான். பின்னெ மெசேஜ் சொல்லுன்னு ஏதோ ரெக்கார்டு."

போனை அணைத்துப் போட்டேன். சிம்மைக் கழற்றி மாட்டினேன். ஒன்றும் மாறவில்லை. விசாரணை கவுண்டரில் இருந்த பெண் என் முகத்தைப் பார்த்துவிட்டுக் கை நீட்டினாள்.

"சேச்சி, போன் இங்கே தா. மேலே இந்த அம்புக்குறி எப்போ வந்தது?"

திரையின் மேல் ஓரத்தில் குட்டி போன் படம், பக்கத்தில் அம்பு. பார்த்திருக்கிறேன். அதற்கு ஒரு அர்த்தம் இருக்கும் என்று நினைத்ததில்லை.

அவள் *#21# அடித்து அழைப்புப் பொத்தானை அழுத்தினாள். கொஞ்ச நேரத்தில் திரையில் எழுத்து வந்தது. எனக்கு வருகிற எல்லா அழைப்பும் வேறொரு நம்பருக்குத் திருப்பிவிடப்பட்டிருக்கிறது என்று. நான் பார்த்தறியாத நம்பர்.

"சேச்சி யாராவது சொல்லி ஸ்டார் போட்டு ஏதாவது அடிச்சோ?"

அடித்திருந்தேன். போன ஞாயிறு ஒருவன் கூப்பிட்டு, உங்கள் பார்சல் நிற்கிறது, டெலிவரி ஆளைப் பிடிக்க இதை அடியுங்கள் என்றான். ஸ்டார், இருபத்தொன்று, ஸ்டார், பத்து இலக்கம், ஹாஷ். மகளுக்கு வாங்கிய பள்ளிக்கூடப் பை வரவேண்டியிருந்தது. அடித்தேன்.

"இது போன்ல இல்ல, சிம் கம்பெனியில மாறிப்போச்சு. அணைச்சுப் போட்டாலும் போவாது. ஓடிபி சொல்ற கால் கூட அவனுக்குத்தான் போயிருக்கும், வாட்ஸ்அப் போயிருந்தா அதும் அப்படித்தான். பேங்கிலயும் சொல்லிரு."

##002# அடித்தாள். திருப்பிவிட்டதெல்லாம் நீங்கிவிட்டதாக வந்தது. மறுபடி *#21# போட்டுப் பார்த்தாள், ஒன்றுமில்லை. அம்பும் போயிருந்தது. கவுண்டர் போனிலிருந்து கூப்பிட்டாள். என் கையில் மணி அடித்தது. அழுதுவிட்டேன்.

சாயங்காலம் நர்ஸின் அழைப்பு நேராக எனக்கே வந்தது. வார்டில் அவர் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார். வலிக்கிறதா என்று கேட்டேன். தண்ணீரில் நனைத்த பஞ்சை உதட்டில் வைத்தேன். முகத்தைத் திருப்பிக்கொண்டு கேட்டார்.

"யாரவன்?"

ஸ்ட்ரெச்சரில் கிடந்தபோது தம்பியிடம் ஸ்பீக்கரில் போடச் சொல்லியிருக்கிறார். மனைவியின் நம்பர். ஒரு ஆண் எடுத்து 'ஹலோ' என்று சொல்லிச் சிரித்துவிட்டு வைத்தானாம்.

பார்சலைச் சொன்னேன், ஸ்டார் போட்டு அடித்ததைச் சொன்னேன், அம்பைச் சொன்னேன். பாதி மயக்கத்தில் இருக்கிறவருக்கு எது காதில் விழும்? போனைக் காட்டலாம் என்று *#21# அடித்தேன். எதுவும் திருப்பிவிடப்படவில்லை என்று வந்தது. அந்த நம்பரை எழுதி வைத்துக்கொள்ள எனக்குத் தோன்றவில்லை. அழித்ததோடு என் சாட்சியும் போயிருந்தது. கீழே ஓடினேன். அந்தப் பெண்ணின் டியூட்டி முடிந்து வேறொருத்தி உட்கார்ந்திருந்தாள்.

மறுநாள் காலை முந்தின நாள் பெண்ணைக் கையோடு அழைத்து வந்தேன். அவள் மலையாளத்திலும் தமிழிலும் எல்லாம் சொன்னாள். அவர் தலையாட்டினார். "சரிம்மா" என்றார், அவளிடம்.

இப்போது தாங்கித் தாங்கி நடக்கிறார். அந்தக் குரலைப் பற்றி அவர் கேட்டதில்லை, நானும் பேசியதில்லை. நான் வேலைக்குப் போனதும் என்னைக் கூப்பிடுவார். நான் "ஹலோ" என்றால் ஒரு நொடி பேசாமல் இருப்பார். பிறகுதான், சாப்பிட்டாயா என்று கேட்பார்.