சீசன் மாதங்களின் சராசரி

ஊட்டிக்கு வருகிறவர்களுக்காக நான் நடத்திய சிறிய வலைத்தளத்தில் தேதி போடாத குறிப்பே இருக்காது. பைக்காராவில் மழைக்குப் படகை நிறுத்திய நாள், முதல் உறைபனி விழுந்த நாள், எல்லாம் இருக்கும். கண் பார்வை குறைந்ததும் தளத்தை விற்க நினைத்தேன்.

வாங்க வந்தவள் சேரம்பாடி எஸ்டேட் லைன் வீட்டில் வளர்ந்தவள். குன்னூர் விடுதி ஒன்றில் முன்பதிவு பார்த்துக்கொண்டிருந்தாள். வேலையை விட்டுவிட்டு, அம்மாவோடு ஊரிலேயே இருந்து தளத்தை நடத்தலாம் என்பது அவள் எண்ணம். கொழுந்து பறித்து ஓய்வு பெற்ற அம்மாவின் கிராஜுவிட்டிதான் முதலீடு.

பேக்கரியில் வர்க்கியை டீயில் நனைத்தபடி விலை பேசினோம். மாதச் சராசரி லாபத்தைக் கண்டு, இரண்டு, இரண்டரை ஆண்டு லாபத்தை விலையாக வைப்பது இந்த வியாபாரத்தில் வழக்கம். நான் விளம்பர வருமானத்தைத் திறந்து காட்டினேன். ஏப்ரல், மே, ஜூன் மட்டும்.

"மத்த மாசமும் இப்படித்தானுங்களாண்ணா?"

"கொஞ்சம் முன்னபின்ன இருக்கும்மா. மழையிலயும் ரோடு நெலவரம் தேடி வருவாங்க."

"தேதி போடாம தும்மக்கூட மாட்டீங்கன்னு எங்க விடுதியில கேலி பண்ணுவாங்க. உங்க கணக்கையா சந்தேகப்படறது?"

சிரித்தேன். அந்தச் சிரிப்பை இப்போதும் நினைக்கப் பிடிக்கவில்லை.

பணத்தை இருவருக்கும் பொதுவான இடைநிலைச் சேவை ஒன்றில் போட்டாள். தளத்தின் பெயரைப் பதிந்திருந்த டொமைன் கணக்கின் மின்னஞ்சல் முகவரியும் அதே டொமைனில் இருந்ததால், முதலில் அதை வெளி முகவரிக்கு மாற்றினேன். பிறகு டொமைன் கைமாறாதபடி போட்டிருந்த பூட்டைத் திறந்து, அதை மாற்றிக்கொள்வதற்கான குறியீட்டை அவளுக்குக் கொடுத்தேன். கோப்புகளும் தரவுத்தளமும் அவள் சர்வருக்குப் போயின. விளம்பரக் கணக்கு கைமாறாது என்பதால் அவள் புதிதாக விண்ணப்பித்தாள். எல்லாவற்றையும் சரிபார்த்து அவள் ஒப்புதல் தந்தால்தான் பணம் என்னிடம் வரும்.

போன் செய்தாள். "எல்லாம் வந்துருச்சுங்கண்ணா. நாளைக்கு வேலைய விடறேன்னு சொல்லிட்டு, பணத்துக்கும் ஓகே குடுத்தர்றேன்."

வெளியே மழை பிடித்திருந்தது. இப்படி மழை பிடித்த நாட்களில் என் தளத்துக்கு யாருமே வருவதில்லை.

"வேலைய விட்டுடாதம்மா" என்றேன். "நான் காட்டினது சீசன் மாசம் மட்டும். முழு வருஷத்தையும் அனுப்பறேன். பார்த்துட்டு ஓகே குடு."



"மழைக்கு எங்க விடுதியே காலியாத்தான் கெடக்கும். எனக்கே தெரிஞ்சிருக்கணும். நீங்க சொன்னீங்களேன்னு நம்பி மேல கேக்கலீங்க."

பன்னிரண்டு மாதத்துக்கும் சராசரி போட்டாள். விலை பாதிக்கும் கீழே இறங்கியது. மறுபேச்சில்லாமல் ஒப்புக்கொண்டேன். திருத்திய தொகையை இடைநிலைச் சேவையில் இருவரும் பதிந்தோம். மீதி அவள் அம்மாவிடம் திரும்பியது. வேலையை அவள் விடவில்லை.

மார்கழியில் அவளிடமிருந்து ஒரு செய்தி வந்தது. "சார், போன வருஷம் முதல் உறைபனி விழுந்த தேதின்னு தளத்துல ஒண்ணு போட்டிருக்கீங்க. அது நெசந்தானுங்களா சார்?"