‘நாங்கள்’ அனுப்பிய திருத்தம்

யாழ்ப்பாணத்தில் எங்கள் தீவுப் பக்கத்தில் ஆள் தனியாக நின்றாலும் பேச்சில் ‘நாங்கள்’ என்றுதான் வரும். ஒற்றை ஆளாகப் பாயில் படுத்துக்கொண்டு, “நாங்கள் உதுகளுக்கெல்லாம் போறேல்லை” என்பார்கள். ‘நான், நான்’ என்று பேசினால் ஆளுக்குத் தலைக்கனம் என்று நினைப்பார்கள். இந்தப் பழக்கத்துக்குப் பின்னால் ஒளிந்துகொண்டுதான் நான் இன்னொருவருக்கு வரவேண்டிய வேலையை எடுத்தேன். சுற்றி வளைத்துச் சொல்ல எனக்கு வராது, அதனால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

யுத்தம் நின்றிருந்த சமாதான காலத்தில் வேலணையில் ஒரு கணினிப் பயிற்சி நிலையம் திறந்தார்கள். நான்கு கணினிகள், ஒரு ஜெனரேட்டர், இரண்டு ஆசிரியர்கள். ஒருவன் நான். மற்றவர் கரம்பொன்னிலிருந்து சைக்கிளில் வருகிறவர். கடற்றொழில் செய்யும் கத்தோலிக்கக் குடும்பம். வீட்டில் அவரும் அக்காவும்தான். எனக்கு ஆங்கிலம் வரும், நிரல் எழுத வராது. அவருக்கு நிரல் எழுதுவது சோறு தின்பது மாதிரி. ஆங்கிலத்தில் நான்கு வரி எழுதச் சொன்னால்தான் வியர்க்கும்.

எங்கள் கணினிகளில் இருந்தது காசு கொடுக்காமல் யாரும் பாவிக்கக்கூடிய, உள்ளே இருக்கும் நிரலை யாரும் வாசித்துத் திருத்தக்கூடிய கட்டற்ற மென்பொருள். அதில் கடிதம் எழுதும் செயலி ஒன்று தமிழைக் கொலை செய்துகொண்டிருந்தது. வரி ஓரத்துக்கு வந்து முறியும்போது ‘கா’ என்ற எழுத்தில் ‘க’ ஒரு வரியிலும், அரவு என்று நாங்கள் சொல்லும் துணைக்கால் அடுத்த வரியிலும் போய் விழும். தனித்து விழுந்த அரவுக்கு முன்னால் புள்ளியால் ஒரு வட்டம் வேறு. படிக்க வந்த பெண்பிள்ளைகள், “சேர், கானா நொண்டுது” என்று சிரிப்பார்கள். எனக்கும் சிரிப்புத்தான். கரம்பொன்காரருக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை.

“உள்ளுக்கு அது ரெண்டு குறியாத்தான் கிடக்கு. ஒவ்வொரு குறியையும் ஒரு எழுத்தெண்டு எண்ணிப்போட்டு நடுவில வெட்டுது,” என்றார். “வெட்ட முதல் அடுத்த குறி தனிய நிக்கக்கூடியதோ எண்டு பாத்தாச் சரி. நிக்க ஏலாதெண்டா ஒரு குறி பின்னுக்குப் போய் வெட்ட வேணும்.”

சொன்னதைப் பதினான்கு வரியில் எழுதியும் முடித்தார். எழுதி என்ன செய்ய? அந்தச் செயலியை ஐரோப்பாவில் இருந்த ஒருவர் பராமரித்தார். திருத்தங்களை அதற்கான மடற்குழுவுக்கு மின்னஞ்சலில் அனுப்பவேண்டும். உலகம் முழுதும் அந்தச் செயலியில் வேலை செய்பவர்கள் எல்லோரும் அதை வாசிப்பார்கள். தீவில் இணையம் கிடையாது. யாழ்ப்பாணம் டவுனுக்குப் போகவேண்டும். கரம்பொன் நண்பரோ டவுனுக்கு வரமாட்டார். சமாதானத்துக்கு முன்பு பண்ணைப் பாலத்துச் சோதனைச் சாவடியில் ஆமிக்காரர் அவரைப் பஸ்ஸால் இறக்கி இரண்டு கிழமை, பதினான்கு நாட்கள், வைத்திருந்து விட்டவர்கள். அதற்குப் பிறகு அந்தப் பாலத்தை அவர் கடக்கவில்லை. ஆகவே சனிக்கிழமைகளில் ஃபிளாப்பியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு நான் போவேன். மின்னஞ்சல் முகவரி என்னுடைய பெயரில் இருந்தது. ஒரு வளவில் இரண்டு வீட்டுக்கு ஒரு கிணறு இருக்கிறதில்லையா, அப்படித்தான் நாங்கள் அதை நினைத்தோம்.

முதல் பதிலில் பராமரிப்பாளர் மூன்று குறை சொன்னார். வரிகளின் உள்ளிடைவெளி அவர்களுடைய முறைப்படி இல்லை, சோதித்துப் பார்க்க ஒரு மாதிரி ஆவணம் இல்லை, இதே சிக்கல் உள்ள மற்ற மொழிகளை யோசிக்கவில்லை. நண்பர் குதித்தார்.

“உவருக்கென்ன விசரே! எழுத்து உடையிறதைத் திருத்தினா இடைவெளியைப் பற்றிக் கதைக்கிறார்!”

நான் அந்தக் கோபத்தை வடித்து, ‘நீங்கள் சொல்வது சரி, நாங்கள் மாற்றி அனுப்புகிறோம்’ என்று பணிவாக எழுதினேன். ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு சனிக்கிழமை. நான்காவது சுற்றில் திருத்தம் ஏற்கப்பட்டது. மாற்றப் பதிவேட்டில் ஒரு வரி ஏறியது. அனுப்பியவர் பெயர் என்று அங்கே இருந்தது என் பெயர். அச்செடுத்துக் கொண்டுபோய்க் காட்டினேன். அவர் பார்த்துவிட்டு, “வடிவா வந்திருக்கு,” என்றார். பெயரைப் பற்றி அவரும் பேசவில்லை, நானும் பேசவில்லை.

பிறகு காலம் கெட்டது. யுத்தம் திரும்பத் தொடங்கி, கொழும்புக்கான தரைப்பாதையைப் பூட்டினார்கள். கொழும்புக்குப் போகக் கப்பல் அல்லது பிளேன், அதற்கு இராணுவ அனுமதி, அந்த அனுமதிக்குக் காரணம் காட்ட ஒரு கடிதம். றோட்டில் இளம் ஆட்கள் காணாமல் போகத் தொடங்கினார்கள். முன்பே ஒருமுறை பிடித்து வைத்திருந்த ஆள் என்றால் இன்னும் பயம். கரம்பொன்காரர் இருட்ட முன்னம் வீட்டுக்குள் போய்விடுவார். வெளியில் போக வழியிருந்தால் முதலில் போகவேண்டியவர் அவர். இது எனக்கு நன்றாகத் தெரியும். தெரியாமல் செய்தேன் என்று யாரிடமும் சொல்லமாட்டேன்.

அந்த நேரத்தில்தான் கொழும்பில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் ஆள் எடுக்கும் பொறுப்பில் இருந்த ஒரு தமிழர் எழுதினார். அவரும் அந்த மடற்குழுவில் இருந்தவர். தமிழிலேயே எழுதியிருந்தார். ‘விண்ணப்பங்களில் எல்லோரும் கெட்டிக்காரர்தான். உங்கள் நான்கு சுற்றுக் கடிதங்களையும் நிரலையும் வாசித்தேன். ஒருவர் குறை சொன்னால் நீங்கள் எப்படி எடுக்கிறீர்கள் என்று அதில் தெரிந்தது. வேலைக்கு வர விருப்பமா? ஒரு கேள்வி. எப்போதும் நாங்கள் என்று எழுதுகிறீர்கள். நீங்கள் எத்தனை பேர்?’

டவுனில் அந்த நெட் கடையில், பக்கத்து ஆள் கனடாவுக்குக் கத்திக் கத்திக் கதைத்துக்கொண்டிருக்க, நான் பதில் அடித்தேன். ‘அது எங்கள் ஊர்ப் பேச்சு வழக்கு ஐயா. நான் ஒருவன்தான்.’

இரண்டு தரம் வாசித்துப் பார்த்துவிட்டு அனுப்பினேன். அதை நினைக்கத்தான் இன்றைக்கும் என்னை நானே அறையவேண்டும் போலிருக்கிறது. கடிதம் ஒரு பெயருக்குத்தானே வரும், ஒருவன் முதலில் போய்ச் சேர்ந்தால் மற்றவரைக் கூப்பிடலாம் என்று மனத்துக்குள் ஒரு நியாயம் கட்டிக்கொண்டேன். பயந்தவனுக்கு நியாயமா கிடைக்காது?

நண்பரிடம், கொழும்பில் மொழிபெயர்ப்பு வேலை ஒன்று வந்திருக்கிறது என்றேன்.

“மடற்குழுவால வந்ததோ?”

“ஓம்.”

“நல்லது. போம்.” பிறகு ஒரு கதிரையை இழுத்து என் பக்கத்தில் போட்டார். “இரும். அந்தப் பதினாலு வரியையும் ஒருக்காச் சொல்லித் தாறன். அங்க கேட்டா உமக்குச் சொல்லத் தெரிய வேணுமெல்லோ.”

மூன்று பின்னேரம் சொல்லித் தந்தார். அவருடைய நிரலையே, வரி வரியாக, எனக்கு. நான் கொப்பியில் எழுதிக்கொண்டேன். மொழிபெயர்க்கப் போகிறவனுக்கு எதற்கு நிரல் என்று அவர் ஒருமுறையும் கேட்கவில்லை. அவருக்கு எல்லாம் விளங்கிவிட்டது என்று எனக்கும் விளங்கியது. அப்போதாவது வாய் திறந்திருக்கலாம். ஐயோ, மூன்று பின்னேரம்! ஒரு வசனம் சொல்ல அது போதாதா?

நிறுவனத்தின் கடிதம் தொலைநகலில் வந்தது. அனுமதி கிடைக்க ஒன்றரை மாதம் எடுத்தது. கப்பலில் போனேன். நேர்முகத்தில் அந்தத் தமிழர் நிரலைப் பற்றிக் கேட்டார். பாடமாக்கியதை ஒப்புவித்தேன். வேலை கிடைத்தது.

மூன்றாம் கிழமை மடற்குழுவில் ஒரு முறைப்பாடு வந்தது. சாளரத்தை மிகவும் ஒடுக்கினால் செயலி அப்படியே உறைந்து நின்றுவிடுகிறதாம். பின்னுக்குப் போய் வெட்டு என்று சொன்ன நிரல், பின்னுக்குப் போக இடமே இல்லாத வரியில் முடிவில்லாமல் சுற்றிக்கொண்டிருந்தது. ‘உங்கள் திருத்தம்தானே, பார்த்துச் சொல்லுங்கள்’ என்று பராமரிப்பாளர் எழுதியிருந்தார். கொப்பியைத் திறந்தேன். அதில் இருந்ததெல்லாம் எழுதியபடி எனக்குத் தெரியும். எழுதாததை யோசிக்கத் தெரியாது. இரண்டு நாள் திரையைப் பார்த்துக்கொண்டு இருந்துவிட்டு மூன்றாம் நாள், என்னை வேலைக்கு எடுத்த அந்தத் தமிழரின் அறைக்குப் போய் உண்மையைச் சொன்னேன்.

அவர் கத்துவார் என்று நினைத்தேன். அவர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

“கடிதம் எழுதினது நீங்க, கோட் எழுதினது அவர். அப்படித்தானே?”

“ஓம், சேர்.”

“நான் ஏன் எத்தனை பேர்னு கேட்டேன்? எனக்கு ரெண்டு பேர் வேணும்னுதான் கேட்டேன். நீங்க ஒருத்தர்னு எழுதினதும் மத்த இடத்துக்கு வேற ஆளை எடுத்துட்டேன்.” பிறகு, “பரவாயில்ல. நான் மேல பேசுறேன். அவருக்கும் லெட்டர் அனுப்புவோம்,” என்றார்.

அன்றே கடிதம் தயாரானது. வேலணையில் நிலையத்துக்குப் பக்கத்திலிருந்த தொலைபேசிக் கடைக்குத் தொலைநகலில் போனது. நான்கு நாள் பதில் இல்லை. ஐந்தாம் நாள் அந்தக் கடையிலிருந்து அவருடைய அக்கா அழைத்தார்.

“தம்பி, கடிதம் கிடைச்சது. கடைக்காரப் பிள்ளை வாசிச்சுக் காட்டினவ.” அவருடைய குரல் மிகவும் மரியாதையாக இருந்தது. “ஆளைத்தான் காணேல்லை. போன வெள்ளி வகுப்பெடுக்க வெளிக்கிட்டவர். சைக்கிள் றோட்டோரம் ஸ்டாண்டில நிண்டது.”

போன வெள்ளி. நான் கொப்பியைத் திறந்து வைத்துக்கொண்டு இருந்த இரண்டு நாட்களில் ஒன்று. கப்பலால் இறங்கிய அன்று சொல்லியிருந்தால்? நெட் கடையில் ‘இரண்டு பேர்’ என்று அடித்திருந்தால்? இந்தக் கணக்கை நான் போடாத நாள் இல்லை. விடை மாறுவதும் இல்லை.

அக்கா இராணுவ முகாம் முகாமாக அலைந்தார், முறைப்பாடு எழுதிக் கொடுத்தார். யாரும் ஒன்றும் சொல்லவில்லை. கொழும்பிலிருந்து என்னால் செய்ய முடிந்தது ஒன்றுதான். பராமரிப்பாளருக்கு நடந்ததை எழுதி, அந்தத் திருத்தத்திலிருந்து என் பெயரை எடுத்துவிட்டு அவருடைய பெயரைப் போடும்படி கேட்டேன். அவர் நல்ல மனிதர். அடுத்த வெளியீட்டில் பங்களித்தோர் பட்டியலில் கரம்பொன்காரரின் முழுப்பெயர் வந்தது. பட்டியலில் ஒவ்வொரு பெயருக்கும் பக்கத்தில் ஒரு மின்னஞ்சல் முகவரி இருக்கவேண்டும் என்பது அவர்கள் முறை. அவருக்கென்று தனி முகவரி இல்லை. ஆகவே எங்களுடைய முகவரியையே போட்டார்கள்.

அதற்குப் பிறகு அவருக்கு மடல்கள் வரத் தொடங்கின. பங்களூரிலிருந்து, சிங்கப்பூரிலிருந்து, ஒன்று ஜெர்மனியிலிருந்து. அந்தப் பட்டியலைப் பார்த்து ஆள் தேடுகிறவர்கள். ‘உங்கள் நிரலை வாசித்தோம், எங்களுடன் சேர்ந்து வேலை செய்ய விருப்பமா, எப்போது பேசலாம்?’ ஒவ்வொன்றும் அவருடைய பெயரைச் சொல்லித்தான் தொடங்கும். திறந்து வாசிப்பேன், மூடுவேன். பதில் எழுதத் துணிவில்லை.

யுத்தம் முடிந்த வருசம், ஜெர்மன்காரர் இரண்டாம் தடவை எழுதியபோது, அக்காவுக்குத் தொலைபேசி எடுத்து அந்த மடலைத் தமிழில் வாசித்துக் காட்டினேன். அவர் முழுவதையும் கேட்டார். ஓரிடத்தில் திருப்பி வாசிக்கச் சொன்னார். பிறகு, “நல்ல வேலை போல கிடக்கு தம்பி,” என்றார். “இடத்தை வேற ஆருக்கும் குடுக்க வேண்டாமெண்டு எழுதிவிடும். ஆள் வந்த உடன பதில் போடுவார்.”

அப்படியே எழுதி அனுப்பினேன்.