கார்டின் பின்பக்கத்தில் மூன்று வரி

எங்கள் வீட்டில் முதன்முதலாக உயர்தரம் வரை படித்தவன் நான். ஆகவே ஊரில் யார் செத்தாலும் அவருக்கு அடைமொழி தேடுவது என் பொறுப்பாயிற்று. கோப்பாயில் ஓர் அச்சகத்தில் வேலை. கண்ணீர் அஞ்சலிப் பதாகை, நினைவு மலர், சட்டைப் பைக்குள் வைக்கும் நினைவு கார்ட் எல்லாம் என் கணினியிலிருந்துதான் போகும். எங்கள் பகுதியில் கெட்டவர்கள் யாரும் இறப்பதில்லை. எல்லோரும் பண்பின் சிகரங்கள்.

ஒருநாள் பருத்தித்துறை வீதியில் பஸ் ஓட்டுகிற அண்ணை ஒருவர் வந்தார். மனைவியின் முப்பத்தோராம் நாளுக்கு கார்ட் வேண்டும். முன்பக்கம் படம், பின்பக்கம் மூன்று வரி. அவரோ கொப்பித் தாளில் இரண்டு பக்கமும் நிரப்பி ஒரு கட்டு எழுதி வந்திருந்தார். கடவுளுக்கு ஏச்சு, ஆஸ்பத்திரிக் கதை, ஒவ்வொரு பந்தியிலும் கண்ணீர்.

நான் அதை ஒரு தரம் மேலோட்டமாகப் பார்த்துவிட்டு, படித்தவனுக்குரிய வேகத்தில் சுருக்கிக் காட்டினேன்: 'அன்பின் உருவே, இல்லத்தின் குலவிளக்கே, ஆறாத் துயரில் தவிக்கின்றோம்.'

அவர் திரைக்குக் கிட்டக் குனிந்து வாசித்தார்.

"உது ஆரின்ரை மனிசி, தம்பி?"

"உங்கடைதான், அண்ணை."

"என்ரை மனிசி கறண்ட் போனா மெழுகுதிரி எங்கையெண்டு என்னைத்தான் ஏசுவா. குலவிளக்காம். பிள்ளையள் கார்டைப் பாத்தா தாயைத் தெரியவேணுமெல்லே."

எனக்குச் சுட்டது. அந்தக் குலவிளக்கை நான் குறைந்தது நாற்பது வீடுகளில் ஏற்றியிருப்பேன்.

தாள்களைத் திரும்ப வாசித்தேன். கடவுளை வெட்டினேன், அவர் கோபிக்கவில்லை. ஆஸ்பத்திரியை வெட்டினேன், அது நோயின் கதை, அவவின் கதை அல்ல. நான்காம் தாளின் நடுவில், இரண்டு அழுகைகளுக்கிடையே, ஒரு சோற்றுப் பார்சல் கிடந்தது. மத்தியான ஓட்டத்தில் அவ புத்தூர்ச் சந்தியில் நின்று யன்னலால் அதை நீட்டுவாவாம். இவர் வாங்கிக்கொண்டு போய்விடுவாராம். அதை வைத்துக்கொண்டேன். முடிவுக்கு வரி இல்லை.

"இப்ப அந்த இடத்தாலை போகேக்கை எப்பிடி இருக்கு, அண்ணை?"

"எப்பிடி இருக்கிறது? கால் தன்ரைபாட்டிலை பிரேக்கிலை போகுது. ஏறவும் ஆளில்லை, இறங்கவும் ஆளில்லை. கொண்டக்டர் ஏசுறான்."

தட்டினேன்:

புத்தூர்ச் சந்தியில் சோற்றுப் பார்சலோடு நின்றாய்.
வாங்கினேன், போனேன், ஒருநாளும் இறங்கிக் கதைக்கவில்லை.
இன்றும் அந்த இடத்தில் கால் பிரேக்கில் போகிறது.

முதலாளி எட்டிப் பார்த்தார். "என்னடாப்பா, பஸ் விளம்பரமோ? கவலை எங்கை?" என்று சொல்லி, தன் கையாலேயே மூலையில் பெரிய நீலக் கண்ணீர்த் துளி ஒன்றை இழுத்து வைத்துவிட்டுப் போனார்.

அண்ணை வரிகளை உதட்டசைத்து வாசித்தார். இரண்டாம் வரியில் நின்றார். பிறகு மூலையைக் காட்டினார்.

"அந்தத் துளியை எடும், தம்பி. அவ கண்டா சிரிப்பா."

எடுத்துவிட்டேன்.